எண்ணோடு வந்த எழுத்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகள் ஜெராக்ஸ் தாள் ஒன்றோடு வந்தாள். குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். நூலகத்தில் கூடிப் படிக்கும் பிள்ளைகளிடையே கைமாறிக் கைமாறி வந்த தாள் அது. யாரோ ஒருவரிடம் இருந்த கைடிலிருந்து நகலெடுத்து, அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, அதிலிருந்து எடுத்தது இவள் கையில் இருந்தது. இருபத்தைந்து கேள்விகள் கொண்ட மாதிரித் தேர்வு. எழுதி முடித்துவிட்டாள். திருத்தவும் தொடங்கியிருந்தாள். விடைகள் தாளின் அடியில், பொடி எழுத்தில், இடைவெளியே இல்லாமல் இரண்டு வரியாக ஓடியிருந்தன.

“கண்ணு அலையுது மாமா. ஒவ்வொரு கேள்விக்கும் எங்க விட்டேன்னு முதல்லேர்ந்து தேட வேண்டியிருக்கு. இதை அட்டவணையா போட்டுக் குடுங்க. இந்தப் பக்கம் கேள்வி நம்பர், அந்தப் பக்கம் விடை. அவ்வளவுதான்.”

நான் பல வருடம் டி.டி.பி. வேலை பார்த்தவன். இப்படிப்பட்ட தாள்களை எத்தனையோ முறை அடித்துக் கொடுத்திருக்கிறேன். பத்து நிமிட வேலை என்றுதான் உட்கார்ந்தேன். எழுந்தபோது வெளியே விளக்குப் போட்டுவிட்டார்கள். அந்த மாலை முழுவதும் நான் செய்தது ஒரு வரியைப் பிரித்து நிமிர்த்தி வைத்தது மட்டும்தான். ஆனால் எண்ணையும் எழுத்தையும் ஏன் சேர்த்து எழுதுகிறோம் என்ற கேள்விக்குள் அது என்னைக் கொண்டுபோய் விட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், விடைகளை ஏன் இப்படி நெருக்கி அச்சிடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். விடைகளை இரண்டு பத்தி அட்டவணையாக, வரிக்கு ஒரு கேள்வி என்று போட்டால், பக்கத்துக்கு நாற்பது வரி வைத்தாலும் ஐந்து பக்கம் போய்விடும். அதையே ஒட்டி எழுதினால் எவ்வளவு வரும் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து இருநூறு வரையான எண்களை எழுத 492 இலக்கங்கள் வேண்டும். அவற்றோடு 200 எழுத்துகள். மொத்தம் 692 குறிகள். பொடி எழுத்தில் எட்டு வரிக்குள் அடங்கிவிடும். ஐந்து பக்கம் எட்டு வரியாகச் சுருங்குகிறது. காகிதம் விற்கிற விலைக்கு எந்த அச்சகமும் எட்டு வரியைத்தான் தேர்ந்தெடுக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒட்டி எழுதினாலும் குழப்பம் வராமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. `1C2A3D` என்ற வரியைப் பாருங்கள். காற்புள்ளி இல்லை, இடைவெளி இல்லை, கோடு இல்லை. ஆனாலும் எங்கே வெட்டுவது என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். இலக்கம் ஒரு இனம், எழுத்து வேறு இனம். இலக்கங்கள் எத்தனை வந்தாலும், ஓர் எழுத்து வந்தவுடன் அந்த விடை முடிந்துவிடுகிறது. அடுத்த இலக்கம் வந்தால் புதிய கேள்வி தொடங்குகிறது. விடையைச் சொல்கிற எழுத்தே வேலியாகவும் நிற்கிறது. தனியாக ஒரு வேலி நடத் தேவையில்லை.

இது எல்லா விடைக்குறிப்புக்கும் வாய்ப்பதில்லை. நீட் போன்ற தேர்வுகளில் விடைகளே 1, 2, 3, 4 என்ற எண்களாக இருக்கும். அங்கே இப்படி ஒட்டி எழுதினால் வேலி சாய்ந்துவிடும். `1121` என்று நான்கு இலக்கம் நிற்கிறது என்று வையுங்கள். முதல் கேள்விக்கு 1, இரண்டாம் கேள்விக்கு 1 என்று படிக்கலாம். 112-ஆம் கேள்விக்கு 1 என்றும் படிக்கலாம். கேள்விகள் வரிசையாகத்தான் வருகின்றன என்ற நம்பிக்கை ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிரிக்கலாம்தான். ஆனால் நடுவில் ஓர் இலக்கம் அழிந்திருந்தால் அதற்குப் பிறகு பிடிமானம் இல்லை. அதனால் அங்கே நடுவில் கோடு போட்டு `3-2` என்று எழுதுவார்கள். அந்தக் கோட்டோடு எக்செல்லில் ஒட்டினால், அது `3-2` என்பதைப் பிப்ரவரி 3 என்று எடுத்துக்கொண்டு தேதியாக மாற்றிவிடும். ஒட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டங்களை `Text` என்று மாற்றி வைத்தால்தான் தப்பிக்கலாம். எங்கள் தாளில் A, B, C, D இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை.

தாளைப் போனில் படமெடுத்து, படத்தை எழுத்தாக மாற்றுகிற செயலியில் கொடுத்தேன். கிடைத்த வரி இது:

```
1C2A3D4B5A6D7C8B9A10011C12A13814D15B16A18C19D20B21A22C23D24A25B
```

இதை அட்டவணையாக்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. டி.டி.பி. கடைகளில் செய்கிற வழி ஒன்று இருக்கிறது. வேர்டில் தேடி மாற்றுகிற பெட்டியைத் திறந்து, `Use wildcards` என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, இப்படிக் கொடுத்தால் போதும்:

```
Find what:     ([A-D])
Replace with:  ^t\1^p
```

A முதல் D வரை எந்த எழுத்தைக் கண்டாலும், அதற்கு முன்னால் ஒரு டேப், பின்னால் ஒரு என்டர் என்பதுதான் இதன் பொருள். எண்ணைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. எழுத்துதான் வேலி என்று மேலே சொன்னேனே, அதை அப்படியே கட்டளையாக எழுதினால் வருவது இது. கட்டளையை ஓட்டியதும் ஒற்றை வரி நிமிர்ந்து நின்றது. டேப்புக்கு இடப்பக்கம் எண், வலப்பக்கம் எழுத்து. அதை நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினால் A பத்தியில் கேள்வி எண்களும் B பத்தியில் விடைகளும் தாமாகவே போய் உட்கார்ந்துகொள்கின்றன.

இருபத்தைந்து கேள்வி. வந்த வரிகள் இருபத்திரண்டு.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தத் தவறும் நடந்ததாகக் கணினி சொல்லவில்லை. எல்லா வரியிலும் ஓர் எண் இருக்கிறது, ஓர் எழுத்து இருக்கிறது. எதுவும் மிச்சம் விழவில்லை. அட்டவணையின் உருவம் அவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது. அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். ஓடுகிற வரிக்கு இல்லாத ஒரு நம்பகத்தன்மையை அட்டவணை தந்துவிடுகிறது. கோடு போட்டுக் கட்டம் கட்டியதாலேயே உள்ளே இருப்பது சரி என்று கண் நினைத்துக்கொள்கிறது. நெரிசலான வரியைப் படிக்கிறவர் எச்சரிக்கையோடு படிக்கிறார். கட்டத்தைப் படிக்கிறவர் அந்த எச்சரிக்கையை இறக்கி வைத்துவிடுகிறார். அதனால் விரித்துக் கொடுக்கிறவருக்குப் பொறுப்பு கூடுகிறது.

சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கேள்வி எண்கள் ஒவ்வொன்றாகத்தான் கூடும். எந்த எண்ணிலிருந்து அதற்கு மேலே இருக்கிற எண்ணைக் கழித்தாலும் விடை 1 வர வேண்டும். ஆகவே C பத்தியில், இரண்டாம் வரியில் இதை எழுதிக் கீழே வரை இழுத்துவிட்டேன்:

```
=A2-A1
```

பத்தி முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று என்று இறங்கியது. ஐந்து இடத்தில் மட்டும் வேறு எண் நின்றது. பத்தாம் வரியில் 10002. அதற்கடுத்து –9999. அதன் கீழே 13802, அதன் கீழே –13799. பிறகு ஒரு 1. அதற்குக் கீழே ஒரு 2. மற்றதெல்லாம் சுத்தம்.

முதல் நான்கையும் பார்த்தவுடனே கதை புரிந்துவிட்டது. பத்தாம் வரியில் `10011` என்ற கேள்வி எண் நிற்கிறது. இருபத்தைந்து கேள்வித் தாளில் பத்தாயிரத்துப் பதினோராவது கேள்வி எங்கிருந்து வரும்? மேலே 9, கீழே 12. ஆக நடுவில் இருக்க வேண்டியவை 10, 11. `10011` என்பதன் முன்னால் 10 இருக்கிறது, பின்னால் 11 இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருக்கும் 0 ஓர் எழுத்தாக இருந்திருக்க வேண்டும். A, B, C, D நான்கில் பூஜ்ஜியம் போலத் தெரியக்கூடியது D ஒன்றுதான். `13814` என்பதும் அப்படியே. முன்னால் 13, பின்னால் 14, நடுவே 8. எட்டைப் போன்றது B.

ஓர் எழுத்து இலக்கமாக மாறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வேலி ஒன்று விழுகிறது. வேலி விழுந்தவுடன் பக்கத்து வீட்டு எண் இந்த வீட்டு எண்ணோடு கலந்துவிடுகிறது. தவறு ஒன்று, காணாமல் போன கேள்விகள் இரண்டு. பத்தும் பதினொன்றும் சேர்ந்து காணாமல் போயின. பதிமூன்றும் பதினான்கும் சேர்ந்து காணாமல் போயின. ஆனால் அந்தப் பிழை பன்னிரண்டை அசைக்கவில்லை. பதினைந்தை அசைக்கவில்லை. இரண்டு வீட்டோடு நின்றுவிட்டது.

எண்களே இல்லாமல் வெறும் எழுத்துகளை மட்டும் `CADBA` என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. அப்படியும் விடைக்குறிப்பு எழுதுகிறார்கள். முதல் எழுத்து முதல் கேள்விக்கு, இரண்டாவது எழுத்து இரண்டாவது கேள்விக்கு என்று எண்ணிக்கொண்டு போக வேண்டும். அதில் ஓர் எழுத்து விட்டுப்போனால், அந்த இடத்திலிருந்து கடைசி வரை எல்லா விடையும் ஒரு படி மேலே ஏறிவிடும். இருநூறு கேள்வித் தாளில் ஐந்தாவது எழுத்து விழுந்தால் அதற்குப் பிறகு உள்ள 195 விடைகளும் தத்தம் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. 200-க்குப் பதில் 199 இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். எண்ணைக் கூடவே சுமந்து வருகிற எழுத்துக்கு அந்தக் கதி இல்லை. அது தன் முகவரியைத் தன் நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கிறது. கூட்டத்தில் யார் தொலைந்தாலும் மற்றவர்கள் தங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அந்த 492 இலக்கங்களும் இடத்தை அடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை வீணாக அடைக்கவில்லை.

ஐந்தாவதாக நின்ற அந்த 2-க்கு வருகிறேன். மேலே 16, கீழே 18. பதினேழு இல்லை. இதற்கு `10011` போல ஒரு தடயமும் இல்லை. `16A18C` என்று வரி வழுவழுப்பாக ஓடுகிறது. தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்த தடம், நகலில் கறுப்புப் பொட்டாக விழுந்திருந்தது. எந்த நகலில் அடித்த பின்னோ தெரியாது. பொட்டுக்கு அடியில்தான் 17 இருக்கிறது. எழுத்து எது என்று சொல்ல வழியில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஐங்குறுநூறு நினைவுக்கு வந்தது.

ஐந்நூறு பாட்டு. திணைக்கு நூறு. ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்து, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். நெய்தலைப் பாடிய இரண்டாம் நூற்றில், ‘கிழவற்கு உரைத்த பத்து’ என்ற பகுதியில் எட்டுப் பாட்டுதான் இருக்கிறது. 129-உம் 130-உம் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1903-இல் இந்த நூலைப் பதிப்பித்தார். இன்றைக்கும் எந்தப் பதிப்பை எடுத்தாலும் 128-க்குப் பிறகு அடுத்து நிற்கும் பாட்டு 131 தான். இருக்கிற பாட்டுகளை நெருக்கி, 131-ஐ 129 ஆக்கி, நூலை 498 பாட்டுகளாக முடித்துவிடவில்லை. புறநானூற்றிலும் அப்படித்தான். 267, 268 என்ற எண்கள் நிற்கின்றன, பாட்டு இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. இருந்தும் கையில் கிடைக்கிற முதல் பத்தை இரண்டாம் பத்து என்றே சொல்கிறோம்.

பாட்டுக்கு எண் கொடுத்த அந்தப் பழைய தொகுப்பாளர்கள், எதிர்காலத்தில் ஏடு சிதையும் என்று நினைத்து எண் கொடுத்தார்களா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் எண் இருந்ததால்தான் இல்லாமையும் நமக்குத் தெரிகிறது. எண் இல்லாத தொகுப்பில் இரண்டு பாட்டு விழுந்திருந்தால் அது விழுந்ததே தெரியாமல் போயிருக்கும். இழந்ததை இழந்தோம் என்று அறிவதற்கும் ஓர் எண் தேவைப்படுகிறது.

அகநானூற்றில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே எண்ணுக்கும் திணைக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. இரண்டும் எட்டும் குறிஞ்சி. நான்கு முல்லை. ஆறு மருதம். பத்து நெய்தல். நானூறு பாட்டுக்கும் இதே வரிசை சுற்றிச் சுற்றி வருகிறது. இடப்பக்கம் எண்ணையும் வலப்பக்கம் திணையையும் வைத்து எழுதினால் அகநானூறே ஒரு விடைக்குறிப்பு போலத் தெரியும். 86-ஆம் பாட்டு என்றால், பாட்டைப் பார்க்காமலே மருதம் என்று சொல்லிவிடலாம். அந்த இடத்தில் முல்லைப் பாட்டு ஒன்று நின்றால் ஏடு இடம் மாறியிருக்கிறது என்று உடனே சந்தேகம் வரும். எண் திணையைக் காக்கிறது, திணை எண்ணைக் காக்கிறது.

தேர்வின் விடைக்குறிப்புக்கு இந்த இரண்டாவது காவல் கிடையாது, இருக்கவும் கூடாது. நான்காம் கேள்விக்கு எப்போதும் B என்று ஓர் ஒழுங்கு இருந்தால் தேர்வே தேவையில்லை. எழுத்து எண்ணைப் பார்த்துப் பிறக்கக் கூடாது. அதனால்தான் கழித்துப் பார்க்கிற அந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. எண் தன் இடத்தை மட்டுமே காக்கும். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்து சரியான எழுத்துதானா என்று அதற்குத் தெரியாது. ஓர் எழுத்து இலக்கமாக மாறினால் C பத்தி கூச்சல் போடும். ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாக மாறினால் C பத்தி ஒன்று என்று சொல்லிவிட்டு அமைதியாக இருக்கும்.

அதைப் பிடிக்க எந்தச் சூத்திரமும் இல்லை. ஒப்புநோக்க வேண்டும். அச்சகத்தில் பழைய முறை ஒன்று இருந்தது. மூலத்தை ஒருவர் வைத்துக்கொள்வார், மெய்ப்பை இன்னொருவர் வைத்துக்கொள்வார். ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் பார்ப்பார். ஆனால் விடைக்குறிப்பு படிக்கும்போது இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பி, சி, டி மூன்றும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். படிக்கிறவர் “டி” என்று சொல்லும்போது, பார்க்கிறவர் கண் முன்னால் B இருந்தாலும் காது அதற்கு ஒத்துப்போய்விடும். கேட்டதையே கண் பார்த்துவிடும்.

அதனால் முறையைக் கொஞ்சம் மாற்றிச் செய்தோம். தாள் என்னிடம், அட்டவணை அவளிடம். நான் எண்ணை மட்டும் சொல்வேன். அவள் அட்டவணையைப் பார்த்து எழுத்தை ஒரு சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்ட வேண்டும். நான் தாளில் இருப்பதோடு அதை ஒப்பிடுவேன். சத்தத்தில் எழுத்து வரக் கூடாது. எண்களையும் வரிசையாகச் சொல்லாமல் இருபத்தைந்திலிருந்து கீழே இறங்கி வந்தேன். மேலிருந்து போனால் வேகம் பிடித்துவிடும். வேகம் பிடித்தால் ஒவ்வொன்றையும் பார்க்க மாட்டோம்.

இருபத்தைந்து B. இருபத்து நான்கு A. இருபத்து மூன்று D. எல்லாம் பொருந்தி வந்தன. பதிமூன்று வந்தபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். B தான், மை கொஞ்சம் பரவியிருந்தது. பத்தில் D. இடப்பக்கக் கோடு வளைந்து தேய்ந்திருந்தாலும் அடியும் நுனியும் கூராக இருந்தன. ஊகம் சரியாக இருந்தது. ஆனாலும் தாளைப் பார்த்த பிறகுதான் அந்தக் கட்டங்களில் எழுத்தை நிரப்பினோம். பூஜ்ஜியம் D-யாக இருக்கும் என்பது நல்ல ஊகம். நல்ல ஊகமும் சாட்சி ஆகாது.

“ஆறு” என்றேன்.

சிலேட்டில் D எழுதிக் காட்டினாள்.

தாளில் பார்த்தேன். D மாதிரிதான் இருந்தது. ஆனால் நடுவே, கோட்டின் வலப்பக்கத்தில், முடி மாதிரி ஒரு இழை உள்ளே போயிருந்தது. பூதக்கண்ணாடியில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. B-யின் இடுப்பு அது. நகல் எடுத்து எடுத்து இடுப்பு தேய்ந்து D ஆகிக்கொண்டிருந்தது. செயலி அதை D என்றே படித்திருக்கிறது. C பத்தியில் ஆறாம் வரியில் 1 என்று சுத்தமாக நின்றது.

“ஆறுக்கு நான் B தான் போட்டேன் மாமா. தப்புன்னு அடிச்சு வச்சிருந்தேன்” என்றாள்.

அது சின்ன விஷயம் இல்லை. குரூப் 4 தேர்வில் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், 200 கேள்விக்கு 300. ஒரே மதிப்பெண்ணில் ஏராளமானவர்கள் நெருக்கியடித்து நிற்கிற பட்டியல் அது. ஆனால் என்னை உறுத்தியது மதிப்பெண் இல்லை. அவள் சரியாகத் தெரிந்து வைத்திருந்த ஒன்றை, பிழையான விடைக்குறிப்பைப் பார்த்துத் தப்பு என்று திருத்திக்கொண்டிருக்கிறாள். இனி அந்தக் கேள்வி எங்கே வந்தாலும் D என்றுதான் அவள் நினைவு சொல்லியிருக்கும். படிக்கிற பிள்ளைக்குத் தவறான விடைக்குறிப்பு செய்கிற கெடுதல் இதுதான். அது மதிப்பெண்ணை மட்டும் குறைப்பதில்லை, தெரிந்ததை அழித்துவிட்டுப் போகிறது.

இவ்வளவு ஒப்புநோக்கியும் பிடிபடாமல் போகக்கூடிய ஒரு பிழை இருக்கிறது. விடைக்குறிப்பு முழுக்கச் சரியாக இருக்கும், ஆனால் வேறு வினாத்தாளுக்கு உரியதாக இருக்கும். காப்பியடிப்பதைத் தடுக்கக் கேள்விகளின் வரிசையை மாற்றி மாற்றிப் பல வகை வினாத்தாள் தொகுப்புகள் அச்சிடுவது வழக்கம். ஒன்றின் விடைக்குறிப்பை இன்னொன்றுக்கு வைத்துத் திருத்தினால் எண்களும் ஒழுங்காக இருக்கும், எழுத்துகளும் தாளோடு பொருந்தும். இதைக் கண்டுபிடிக்க மதிப்பெண்ணையே பார்க்க வேண்டும். நான்கு விருப்பங்கள் உள்ள தேர்வில், தொடர்பே இல்லாத இரண்டு விடை வரிசைகள் தற்செயலாகச் சுமார் நான்கில் ஒரு பங்கு ஒத்துப்போகும். இருநூறில் ஐம்பதை ஒட்டி வரும். வழக்கமாக நூற்றைம்பது எடுக்கிற பிள்ளை திடீரென்று ஐம்பதை ஒட்டி நின்றால், பிள்ளையைக் கேட்பதற்கு முன்னால் வினாத்தாளின் தலைப்பில் இருக்கிற தொகுப்பு எழுத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. ஒரு கேள்விக்கு இரண்டு விடை சரி என்று இறுதி விடைக்குறிப்பில் ஒப்புக்கொள்வது உண்டு. கேள்வியையே நீக்குவதும் உண்டு. `45AC46B` என்று வந்தால் என் கட்டளை A-க்குப் பின்னாலும் என்டர் போடும், C-க்குப் பின்னாலும் போடும். எண்ணே இல்லாத வரி ஒன்று நடுவில் நிற்கும். அதன் எழுத்தை மேல் வரிக்கு ஏற்றி, 45-க்கு எதிரே ‘A, C’ என்று ஒரே கட்டத்தில் வைக்க வேண்டும். நீக்கப்பட்ட கேள்விக்கும் வரி வேண்டும். எண்ணை எழுதி, எதிரே ‘நீக்கம்’ என்று எழுத வேண்டும். வரியையே எடுத்துவிட்டால், அது நீக்கப்பட்டதா அல்லது தட்டச்சு செய்தவர் விட்டுவிட்டாரா என்று அடுத்துப் பார்க்கிறவருக்குத் தெரியாது.

அட்டவணை முடிந்தது. இருபத்தைந்து வரிகள். C பத்தியில் மேலிருந்து கீழ் வரை ஒன்றுகள். பதினேழாம் வரியில் எண் இருந்தது, எதிரே கட்டம் காலியாக இருந்தது.

அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பதினேழு எனக்கு நல்லாத் தெரியும் மாமா. புத்தகத்துல இருக்கு. C தான். C-ன்னு போட்டுடலாமா?”

அவள் சொன்னது சரியாகவே இருக்கலாம். புத்தகத்தை எடுத்துப் பார்த்து அவளே உறுதி செய்துகொள்ளவும் முடியும். நான் யோசித்தது வேறு. இந்த அட்டவணை இவளோடு நிற்காது. நாளைக்கு நூலகத்துக்குப் போகும், பத்துப் பேர் நகலெடுப்பார்கள். அதில் மற்ற இருபத்து நான்கும் கைடிலிருந்து வந்தவை, பதினேழாவது மட்டும் இவளிடமிருந்து வந்தது. கட்டத்துக்குள் போய்விட்டால் அந்த வேறுபாடு யாருக்கும் தெரியாது. அந்த C-யும் மற்ற எழுத்துகளைப் போலவே உட்கார்ந்திருக்கும். தெரிந்தவர் எழுதியதா, பார்த்து எழுதியதா என்று கேட்க அட்டவணையில் இடம் கிடையாது.

“உன் நோட்டுல C-ன்னு எழுதிக்கோம்மா. பக்கம் நம்பரும் எழுதிக்கோ. இதுல வேண்டாம். கைடு வச்சிருக்கிறவங்க யாராவது பார்த்துச் சொன்னா நிரப்பிக்கலாம்” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் ஒரு சிறிய கோடு இழுத்தாள். தன் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு அட்டவணையில் விரலை வைத்து மறுபடி முதலிலிருந்து திருத்தத் தொடங்கினாள். இப்போது கண் அலையவில்லை. ஒரு விரல் இங்கே, ஒரு விரல் அங்கே. இரண்டும் சேர்ந்து இறங்கின. ஆறில் முன்பு போட்டிருந்த பெருக்கல் குறியின் மேல் அழுத்தி டிக் போட்டாள். பதினேழில் விரல் ஒரு நொடி நின்று தாண்டியது.

முடித்துவிட்டு மேலே ஓரத்தில் மதிப்பெண் எழுதினாள். 25-க்கு 19 என்று எழுதத் தொடங்கியவள், 25-ஐ அடித்துவிட்டு எழுதினாள்: 24-க்கு 19.